மாதத்தை மாற்றினால் இரண்டு வருடமும் மாற வேண்டும்: ஒரு நண்டுக் கடையின் கணக்குத் தாள்

மார்ச் முதல் வாரத்தில் ஒருவழியாக ஷீட் சொல்வதும் பேரேடு சொல்வதும் ஒன்றாக வந்து நின்றன. அதனால் இதை எழுதலாம் என்று தோன்றியது.

மண்டபத்தில் நண்டு, இறால், கணவாய் வாங்கி வெளியூர் அனுப்பும் ஒரு கொள்முதல் கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். முதலாளியின் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "தம்பி, போன வருசம் இந்நேரம் எவ்வளவு நின்னுச்சு?" மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டுக் காட்டினால் அவருக்குப் பிடிக்காது. அது நியாயம்தான். இந்தக் கரையில் ஒரு மாதத்தை இன்னொரு வருடத்து அதே மாதத்தோடு வைத்துப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டி மழை கொட்டியது. அந்த மாதத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் கடையையே மூடிவிடலாம் போலிருக்கும். ஏப்ரலில் இருந்து கூட்டிக்கொண்டு வந்தால்தான் நிலவரம் தெரியும்.

ஆக, வேலை இதுதான்: ஒரு கட்டத்தில் மாதப் பட்டியல். அதில் நவம்பர் என்று தேர்ந்தெடுத்தால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை இந்த நிதியாண்டின் கூட்டுத்தொகை, பக்கத்தில் போன நிதியாண்டின் அதே காலம், அதற்குப் பக்கத்தில் வித்தியாசம். கடையில் இருப்பது எக்ஸெல் 2016. புதிய பதிப்புகளில் வந்த வசதி எதுவும் இதில் கிடையாது. கீழே உள்ள எதற்கும் அது தேவைப்படவும் இல்லை.

முதல் வடிவம்: மாத வரிசை

அக்டோபரில் செய்தது மிகச் சின்னது. போன வருடத்துக்கு Prev என்று ஒரு ஷீட், இந்த வருடத்துக்கு Cur என்று ஒரு ஷீட். இடது ஓரத்தில் சரக்கு, மேலே C முதல் N வரை ஏப்ரல் தொடங்கி மார்ச் முடிய பன்னிரண்டு மாதம். Lists என்ற தனி ஷீட்டில் A2 முதல் A13 வரை மாதப் பெயர்களைத் தமிழில் அடித்தேன். ஆங்கிலத்தில் Apr-24 என்று அடித்தால் எக்ஸெல் அதைத் தேதியாக மாற்றிவிடும். தமிழில் "ஏப்ரல்" என்று அடித்தால் அந்தத் தொல்லை இல்லை. பட்டியல் ஏப்ரலில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் வரிசை எண்தான் பின்னால் வேலை செய்யப்போகிறது.

பிறகு கூட்டுத்தொகை காட்டும் YTD ஷீட்டில் B1 கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, Data → Data Validation → Allow: List, Source இடத்தில் `=Lists!$A$2:$A$13`. டிராப்டவுன் வந்துவிட்டது. B3-இல் தேர்ந்தெடுத்த மாதம் எத்தனையாவது என்ற எண்:

```
=MATCH(B1,Lists!$A$2:$A$13,0)
```

நவம்பர் என்றால் 8. அதை வைத்து முதல் எட்டு மாதத்தைக் கூட்ட:

```
=SUM(Cur!C5:INDEX(Cur!C5:N5,$B$3))
```

INDEX இங்கே வெறும் மதிப்பைத் தருவதில்லை, எட்டாவது கட்டத்தையே தருகிறது. அதனால் C5 முதல் அந்தக் கட்டம் வரை என்று எழுத முடிகிறது. இதையே OFFSET வைத்தும் செய்யலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் OFFSET ஷீட்டில் எங்கே எதைத் தொட்டாலும் மறுபடி கணக்குப் போடும். பழைய கம்ப்யூட்டரில் அது எரிச்சல். போன வருடத்துக்கு இதே வரி, Cur என்ற இடத்தில் Prev. அவ்வளவுதான்.

மாதக் கூட்டுத்தொகை மட்டும் கையில் இருப்பவர்களுக்கு இது போதும். மாதம் முடிந்த பிறகுதான் பார்ப்பேன் என்பவர்களுக்கும் போதும். எங்கள் முதலாளி 15ஆம் தேதி வந்து கேட்பவர்.

மாதத்தின் நடுவில்

நவம்பர் நடுவில் டிராப்டவுனில் நவம்பரை வைத்தால், இந்தப் பக்கம் 15 நாள் சரக்கு, அந்தப் பக்கம் போன வருடத்து முழு 30 நாள். எல்லாச் சரக்கும் சரிந்த மாதிரி சிவப்பாக நின்றது. அக்டோபரை வைத்தால் சரியாக இருந்தது, ஆனால் அது பதினைந்து நாள் பழைய செய்தி.

மாதத்தைப் பாதியில் வெட்ட வேண்டுமென்றால் தினக்கணக்கு வேண்டும். இந்த வருடத்தது என்னிடம் இருந்தது. போன வருடத்தது சிட்டைக் கட்டுகளாக அட்டைப் பெட்டியில் கிடந்தது. கல்லூரி படிக்கும் ஒரு தம்பியிடம் சிட்டைக்கு ஒரு ரூபாய் என்று பேசிக் கொடுத்தேன். 3,800 ரூபாய் ஆனது. இந்த வேலையில் கையை விட்டுப் போன பணம் இதுதான்.

எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில், ஒரு வரிக்கு ஒரு சிட்டை என்று அடுக்கி, Ctrl+T அழுத்தி அட்டவணையாக்கி tblBuy என்று பெயர் வைத்தேன். நான்கு பத்திதான்: Date, Item, Kg, Amount. வருடத்துக்குத் தனி ஷீட், மாதத்துக்குத் தனி ஷீட் என்பதெல்லாம் போயிற்று. இரண்டு வருடமும் ஒன்றின் கீழ் ஒன்றாக.

இப்போது டிராப்டவுன் செய்ய வேண்டியது கட்டங்களை எண்ணுவது இல்லை, நான்கு தேதிகளை உண்டாக்குவது. B2-இல் நிதியாண்டு தொடங்கும் வருடம், 2024. மீதி:

```
B4  =DATE(B2,4,1)
B5  =MIN(EOMONTH(B4,B3-1),MAX(tblBuy[Date]))
B6  =EDATE(B4,-12)
B7  =EDATE(B5,-12)
```

B4 இந்த வருடத் தொடக்கம், B5 இந்த வருட முடிவு, B6-உம் B7-உம் போன வருடத்துக்கு அவையே. B5-இல் உள்ள MIN-தான் பாதி மாதத்தைப் பார்த்துக்கொள்ளும்: மாதக் கடைசி, கணக்கில் கடைசியாக ஏறிய சிட்டையின் தேதி, இரண்டில் எது முந்தியோ அது. பிறகு ஒவ்வொரு சரக்குக்கும்:

```
=SUMIFS(tblBuy[Kg],tblBuy[Item],$A12,
 tblBuy[Date],">="&$B$4,tblBuy[Date],"<="&$B$5)
```

போன வருடத்துக்கு B6, B7. தொகைக்கு Kg என்ற இடத்தில் Amount. இந்த ஃபார்முலாவைக் கட்டத்தின் மூலையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். இழுத்தால் tblBuy[Kg] மட்டுமல்ல, Item, Date பத்திகளும் ஒவ்வொன்றாக நகர்ந்துவிடும். Ctrl+C, Ctrl+V போட்டால் நகராது.

தடைக்காலத்தில் வந்த இறால்

தம்பி அடித்துக் கொடுத்ததை ஒட்டியதும் போன வருடத்துக் கூட்டல் பேரேட்டை விட மிகக் குறைவாக வந்தது. எங்கே போயிற்று என்று இறாலை மட்டும் பிரித்துப் பார்த்தேன். எங்களுக்கு விசைப்படகில் வரும் இறாலை 2023 மே 7 அன்று வாங்கியதாக ஒரு வரி.

இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மே 7 அன்று விசைப்படகு இறால் வர வழியே இல்லை. சிட்டையில் இருந்தது 05-07-2023, அதாவது ஜூலை 5. தம்பியின் லேப்டாப்பில் அமெரிக்க முறை தேதி, மாதம் முன்னால். அதனால் 12-க்குள் இருந்த நாளெல்லாம் மாதமாக மாறிப்போயிருந்தது. 12-ஐத் தாண்டிய தேதிகளை, உதாரணமாக 25-07-2023, அந்தக் கம்ப்யூட்டருக்குத் தேதியாகவே தெரியவில்லை. வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. எழுத்தை SUMIFS தேதி எல்லைக்குள் சேர்க்காது. கூட்டல் குறைந்தது அதனால்தான்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. பத்தியை அகலமாக்கிப் பார்த்தால் உண்மையான தேதி வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது பக்கம் ஒட்டி நிற்கும். எண்ணிக்கையாக வேண்டுமென்றால்:

```
=COUNTA(tblBuy[Date])-COUNT(tblBuy[Date])
```

இது பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆனால் பூஜ்யமாக இருந்தால் மட்டும் நம்பிவிட முடியாது. மாறிப்போன மே 7 இந்தச் சோதனையில் நல்ல பிள்ளையாகத் தேறிவிடும். தடைக்கால இறால்தான் அதைக் காட்டிக்கொடுத்தது. திருத்த, தம்பி அடித்த வரிகளுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு பத்தி:

```
=IF(ISNUMBER(A2),DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),
 DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

வந்ததைப் பழைய தேதிகளின் மேலேயே மதிப்பாக மட்டும் ஒட்டிவிட்டு அந்தப் பக்கத்துப் பத்தியை நீக்கினேன். நான் அடித்த வரிகளில் இதைப் போட்டால் சரியாக இருப்பதும் கெட்டுவிடும்.

வாங்காத நாள்

நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல். எச்சரிக்கை வந்த பிறகு விசைப்படகும் போகவில்லை, நாட்டுப்படகும் போகவில்லை. எங்கள் கடையில் கடைசிச் சிட்டை 23ஆம் தேதி. மாதம் முடிந்த அன்று முதலாளி ஷீட்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, இவ்வளவு மழைக்கும் ரொம்பக் குறையலையே" என்றார். எனக்கு உறுத்தியது. ஒரு வாரம் கடையில் தராசு அசையவில்லை, அது எப்படி ஷீட்டில் தெரியாமல் போகும்?

நண்டை வைத்துச் சொல்கிறேன். கடையின் எண்களை அப்படியே தர முடியாது, உருட்டி மாற்றியிருக்கிறேன். ஏப்ரலில் இருந்து 2024 நவம்பர் வரை 16,500 கிலோ. போன வருடம் நவம்பர் 30 வரை 18,000 கிலோ. குறைவு 1,500, அதாவது 8.3 சதவீதம். ஆனால் ஷீட் காட்டியது 4.6 சதவீதம். ஏனென்றால் MAX(tblBuy[Date]) நவம்பர் 23 என்று சொன்னது. உடனே போன வருடத்தையும் நவம்பர் 23-இல் வெட்டி, 17,300 கிலோவோடு ஒப்பிட்டுவிட்டது. போன வருடக் கடைசி வாரத்தில் வாங்கிய 700 கிலோ காணாமல் போயிற்று. படகு போகாத வாரத்தை ஷீட் "கணக்கு இன்னும் எழுதவில்லை" என்று எடுத்துக்கொண்டது. ஆனால் கணக்கு எழுதியாகிவிட்டது. எழுத ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல எந்த ஃபார்முலாவாலும் முடியாது. சிட்டை இல்லாத நாள், சிட்டை அடிக்காத நாள் இரண்டும் அட்டவணையில் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் கணக்கு எழுதுகிறவனுக்குத்தான் தெரியும். அதனால் MAX-ஐ எடுத்துவிட்டு B8 என்று ஒரு கட்டம் வைத்தேன். பெயர்: "கணக்கு முடித்த நாள்". தினமும் சாயந்திரம் சிட்டைகளை ஏற்றி முடித்ததும் அன்றைய தேதியை நானே அடிக்கிறேன். படகு போகாத நாளிலும் அடிக்கிறேன். Ctrl+; அழுத்தினால் இன்றைய தேதி விழும். TODAY() போடலாமே என்று கேட்பார்கள். நான் லீவில் போய் நாலு நாள் சிட்டை ஏறாமல் கிடந்தால் TODAY() அந்த நாலு நாளையும் பூஜ்யமாகக் கணக்கில் சேர்த்துவிடும். இது எதிர்ப்பக்கத்துத் தவறு.

கையால் அடிப்பதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. யாராவது தவறி ஒரு சிட்டைக்கு 2042 என்று வருடம் அடித்தால், MAX இருந்த காலத்தில் அந்த ஒரு வரி பாதி மாத வெட்டை முழுவதும் செயலிழக்க வைத்துவிடும். இப்போது அந்த வரி மட்டும்தான் விடுபடும்.

டிராப்டவுனில் மார்ச் என்று வைத்துவிட்டு, கணக்கு முடித்த நாள் பிப்ரவரி 10 என்று இருந்தால் ஷீட் பிப்ரவரி 10 வரைதான் கூட்டும். மேலே மார்ச் என்று இருப்பதைப் பார்த்து முதலாளி ஏமாறக் கூடாது. அதற்காகத் தலைப்பில் மாதப் பெயருக்குப் பதிலாக உண்மையான தேதிகளே வரும்:

```
=TEXT(B4,"dd-mm-yyyy")&" முதல் "&TEXT(B5,"dd-mm-yyyy")&" வரை"
```

B5 மாதக் கடைசியாக இல்லாவிட்டால் அந்த வரி மஞ்சளாகும். Conditional Formatting-இல் `=$B$5<EOMONTH($B$4,$B$3-1)`.

பிப்ரவரி 29

பிப்ரவரி 28 சாயந்திரம் மாதக் கணக்கை முடித்துவிட்டு, போன வருடத்துப் பேரேட்டோடு ஒட்டிப் பார்த்தேன். ஷீட்டில் போன வருடத் தொகை 41,300 ரூபாய் குறைவு. சில்லறை வித்தியாசமாக இருந்தால் தட்டச்சுப் பிழை என்று தேடப்போயிருப்பேன். முழுத் தொகையாக இருந்ததால் ஒரு நாள் கொள்முதல் போலத் தோன்றியது. பேரேட்டில் 2024 பிப்ரவரி 29, வியாழக்கிழமை, 41,300.

B7-இல் இருந்தது EDATE(B5,-12). 2025 பிப்ரவரி 28-இல் இருந்து பன்னிரண்டு மாதம் பின்னால் போனால் 2024 பிப்ரவரி 28. லீப் வருடத்தின் கடைசி நாள் வெளியே நின்றுவிட்டது. EOMONTH போட்டால் 29 கிடைக்கும், ஆனால் பாதி மாதம் ஓடும்போது EOMONTH போன வருடத்தை மாதக் கடைசி வரை இழுத்துவிடும். இரண்டும் வேண்டும்:

```
B5  =MIN(EOMONTH(B4,B3-1),B8)
B7  =IF(B5=EOMONTH(B5,0),EOMONTH(B5,-12),EDATE(B5,-12))
```

இந்த வருட முடிவு மாதத்தின் கடைசி நாளாக இருந்தால், போன வருடத்துக்கும் மாதத்தின் கடைசி நாள். இல்லையென்றால் அதே தேதி. பழைய வரியை அப்படியே விட்டிருந்தால் இந்தத் தவறு அடுத்து 2029 பிப்ரவரியில்தான் தலைகாட்டியிருக்கும். அப்போது இந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கு நினைவிருக்கும்?

கிலோவும் ரூபாயும்

முதலில் தொகை மட்டும்தான் காட்டினேன். அதே நண்டுக்கு நவம்பர் வரை இந்த வருடம் 66 லட்சம், போன வருடம் 63 லட்சம். 4.8 சதவீதம் கூடுதல். கிலோவில் பார்த்தால் 8.3 சதவீதம் குறைவு. வாங்கும் விலை கிலோ 350-இலிருந்து 400-க்கு ஏறியதுதான் தொகையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. வாங்குகிற கடைக்கு இது நல்ல செய்தியே அல்ல. குறைந்த சரக்கை அதிகப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறோம். அதனால் மூன்று தொகுதியாக வைத்தேன்: கிலோ, ரூபாய், சராசரி விலை.

சராசரி விலையைக் கூட்டுத்தொகையில் இருந்துதான் எடுக்க வேண்டும், ரூபாயைக் கிலோவால் வகுத்து. மாத விலைகளுக்குச் சராசரி போடக் கூடாது. ஒரு மாதம் 1,000 கிலோ 420 ரூபாய்க்கு, அடுத்த மாதம் 3,000 கிலோ 340 ரூபாய்க்கு வாங்கினால், இரண்டு விலைக்கும் நடு 380. ஆனால் கொடுத்த பணம் 14,40,000, வாங்கியது 4,000 கிலோ, உண்மை விலை 360. எங்கள் பக்கம் சரக்கு ஏராளமாக வரும் மாதத்தில்தான் விலை இறங்கும். அதனால் இந்தத் தவறு பெரும்பாலும் விலையைக் கூட்டியே காட்டும்.

சதவீதத்துக்குப் போன வருடம் பூஜ்யமாக இருந்தால் `#DIV/0!` வரும். `=IF(D12=0,"",(C12-D12)/D12)` போட்டு வெறுமையாக விட்டேன். போன வருடம் வாங்காத சரக்குக்குச் சதவீதம் என்று ஒன்று இல்லை, 100 என்று போட்டால் பொய்.

எல்லாச் சரக்கையும் கூட்டிய தொகையும், Item நிபந்தனை இல்லாமல் வரும் மொத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று கடைசி வரியில் ஒரு சோதனை உண்டு. "கணவாய்" என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்திருந்த சிட்டைகள் அதில்தான் பிடிபட்டன. சரக்குப் பெயருக்கும் ஒரு டிராப்டவுன் போட்டதும் அது நின்றது.

இதில் ஓர் எல்லை இருக்கிறது. நாளுக்கு நாள் வைத்து ஒப்பிடுவது நியாயமாக இருப்பதற்குக் காரணம், இரண்டு வருடத்திலும் தடைக்காலம் அதே தேதிகளில் இருப்பது. 2017-க்கு முன் தடை 45 நாள்தான், மே 29-இல் முடிந்துவிடும். பழைய பேரேடுகளை ஏற்றி 2016-ஐயும் 2017-ஐயும் இந்த ஷீட்டில் வைத்தால் ஜூன் வரையிலான இறால் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. ஜூலைக்கு மேலும் அந்தப் பதினாறு நாள் கூட்டுத்தொகைக்குள் உட்கார்ந்தே இருக்கும்.

மறுபடி செய்தால் மாத வரிசை வடிவத்தைத் தொடவே மாட்டேன், முதலிலேயே சிட்டைக்கு ஒரு வரி. தேதியை ஒரே கட்டத்தில் அடிக்கச் சொல்லாமல் நாள், மாதம், வருடம் என்று மூன்று பத்தியாக வாங்கி DATE வைத்துச் சேர்ப்பேன், அப்போது யாருடைய லேப்டாப்பாக இருந்தாலும் மாறாது. படகு வகைக்கும் ஒரு பத்தி வேண்டும். நண்டு பெரும்பாலும் நாட்டுப்படகில் வருகிறது, தடைக்காலத்திலும் வரும். விசைப்படகுச் சரக்கையும் அதையும் பிரித்தால்தான் மே மாதத்தில் டிராப்டவுனைத் திருப்பும்போது எது உண்மையில் ஓடுகிறது என்று தெரியும். அந்தப் பத்தியை ஏப்ரல் 1 முதல் வரும் சிட்டைகளுக்குச் சேர்த்திருக்கிறேன். பழைய சிட்டைகளில் படகு எண் இருக்கிறது, வகை இல்லை. அதை எண்ணை வைத்து நிரப்ப இன்னொரு முறை அட்டைப் பெட்டியைத் திறக்க வேண்டும்.